டியூனர் ஊசி நடுவில் நின்றால் சுருதி சுத்தம் ஆகிவிடுமா?

போன வாரமும் ஒரு மாணவி, 5 கட்டை சுருதி, சட்ஜமம் கொஞ்சம் தொங்குகிறது. தினமும் ஒரு மணி நேரம் சாதகம் செய்கிறாள், சோம்பேறித்தனம் ஒன்றும் இல்லை. சரி, எதை வைத்துப் பாடுகிறாய், போடு பார்ப்போம் என்றேன். கணினியில் தானே செய்த தம்புரா டிராக்காம். ஒரு கீபோர்டு 'பேட்' சத்தத்தில் ஸ, ப இரண்டையும் அழுத்திப் பிடித்து, ரிவர்ப் போட்டு, லூப் செய்திருக்கிறாள். "டியூனர்ல ஊசி நடுவுலதான் சார் நிக்குது" என்கிறாள். இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஊசி நடுவில்தான் நிற்கும். அந்த மாதிரி பேட் சத்தங்களில் பெரும்பாலும் கோரஸ் இருக்கும். அதாவது ஒரே ஸ்வரத்தை இரண்டு மூன்று பிரதி எடுத்து, ஒன்றைத் துளி மேலே, ஒன்றைத் துளி கீழே நகர்த்தி ஒன்றாக ஒலிக்க விடுவது. கேட்க மெத்தென்று இருக்கும். டியூனர் அதன் சராசரியைக் காட்டி 'சரி' என்று சொல்லிவிடும். ஆனால் பாடுகிறவருக்குச் சராசரி எதற்கு? 5 கட்டையில் பெண்குரலின் ஸ 196 ஹெர்ட்ஸ். நீங்கள் 194 பாடினால், சுத்தமான சுருதியோடு சேரும்போது சத்தம் கூடிக் குறைந்து நொடிக்கு இரண்டு அலை அடிக்கும். தம்புராவில் தந்திக்கடியில் செருகும் நூலான ஜீவா பேசுவதால் மேல் ஒலிகளும் பலமாகக் கேட்கும். ஸ-வின் நாலு மடங்கான மேல் ஒலியில் அதே பிசகு நொடிக்கு எட்டு அலையாகும், காது உடனே பிடித்துவிடும். அந்த அலையை அடக்கத்தான் குரல் தானாக நகர்ந்து சேர்கிறது. டிராக்கே ஓயாமல் அலையடித்துக் கொண்டிருந்தால் உங்கள் அலை அதில் எங்கே தெரியும்? ஸ 194-லும் சேர்ந்த மாதிரி இருக்கும், 197-லும் சேர்ந்த மாதிரி இருக்கும். அவளுக்கு நடந்தது இதுதான்.

சோதிப்பது சுலபம். வாயைத் திறக்காமல் ஸ தந்தியை மட்டும் கேளுங்கள். நல்ல தம்புராவிலும் ஒலி நகரும், ஆனால் மீட்டியவுடன் மேல் ஒலிகள் ஒவ்வொன்றாக விரிந்து அடங்கும், அடுத்த மீட்டில் மறுபடி தொடங்கும். மீட்டுக்கும் அசைவுக்கும் சம்பந்தமே இல்லாமல் ஒரே வேகத்தில் வ்வா வ்வா என்று போனால் அது கோரஸ். தூக்கிப் போடுங்கள்.

அப்புறம் எப்படிச் செய்வது? அசல் தம்புராவில் ஒற்றை மீட்டாகப் பதிந்த ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கட்டையிலேயே, இல்லாவிட்டால் அரைக் கட்டை தள்ளி. 1 கட்டையில் பதிந்ததை 5 கட்டைக்கு இழுத்தால் குடத்தின் நாதம் போய்ச் சின்னப் பொம்மை தம்புரா மாதிரி கத்தும். நான்கு தந்திக்கும் தனித்தனி டிராக்: ப, ஸ, ஸ, மந்தர ஸ. 196-க்கு மந்தர ஸ 98, ப சரியாக 147. கீபோர்டு ப 146.83 தான், ஆகவே கீபோர்டை வைத்துச் சேர்த்திருந்தால் ப டிராக்கை மட்டும் 2 சென்ட் ஏற்றுங்கள். இரண்டு ஸ-வையும் காதால் சேருங்கள், அலை முழுக்க நிற்கும்வரை. ப-வைத் தனி டிராக்காக வைத்திருந்தால், ஸ்ரீரஞ்சனி, ஹிந்தோளம் போன்ற ப இல்லாத ராகங்களுக்கு அந்த ஒன்றை மட்டும் ம ஆக்கிக்கொள்ளலாம்.

மீட்டுக்கு மீட்டு சுமார் ஒரு நொடி, மந்தரத்துக்குப் பிறகு கொஞ்சம் கூடுதல். முந்தைய மீட்டின் வாலை வெட்டாதீர்கள், அடுத்ததன் மேல் படரட்டும். தயவுசெய்து மென்பொருளின் கட்டத்துக்குக் கட்டம் மீட்டுகளை அச்சாக ஒட்டாதீர்கள், தாளம் போல் விழுந்து ஆலாபனையையே அது இழுத்துக்கொண்டு போகும். அங்கங்கே சில மில்லி நொடிகள் தள்ளி வையுங்கள்.

லூப் தையல் இன்னொரு தொல்லை. எம்பி3 கோப்பின் முன்னும் பின்னும் துளி மௌனம் சேர்ந்துவிடும், சுற்றிச் சுற்றி வரும்போது ஒவ்வொரு முறையும் 'டப்' என்று ஒரு பள்ளம். அரை மணி நேரத்துக்கு ஒரே கோப்பாக நீட்டி எடுங்கள், லூப்பே வேண்டாம். லூப்தான் வேண்டுமென்றால் வேவ் கோப்பு, கடைசி மீட்டின் வாலை வெட்டித் தொடக்கத்தின் மேல் போர்த்திவிடுங்கள். முடிவில் ஃபேட் போடுகிறவர்களை என்ன சொல்ல, பாதி ராகத்தில் சுருதி நழுவிப் போகிறதே!

போன் ஸ்பீக்கரில் மந்தரம் கேட்கவில்லை என்று பேஸை ஏற்றுகிறார்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 98 ஹெர்ட்ஸ் வராது, உறுமல்தான் மிஞ்சும். ஜீவா உள்ள ஒலியாக இருந்தால் மேல் ஒலிகளை வைத்தே காது மந்தரத்தை உணர்ந்துகொள்ளும். சத்தத்தையும் கூட்டாதீர்கள், பின்னணி பெரிதானால் குரலும் தெரியாமலே கூச்சலாகும். உங்கள் மெல்லிய பாட்டுக்கும் ஒரு படி கீழே சுருதி இருக்கட்டும், ஹெட்போன் போட்டால் ஒரு காதை விட்டுவைத்துப் பாடுங்கள்.