மாட்டுக்குத் தொண்டை அடைப்பு, ஸ்லைடில் பச்சைப் புள்ளிகள்

மாடு தீனி விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக நின்றால், பெரும்பாலோர் முதலில் நினைப்பது தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்றுதான். மாங்கொட்டையா, பிளாஸ்டிக்கா என்று பார்க்க வாய்க்குள் கையை விடுவார்கள். அப்படிக் கை விட்ட ஒரு கால்நடை மருத்துவர்தான் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு மாதிரியை அனுப்பியிருந்தார். மாடு நான்காம் நாள் இறந்துவிட்டது. வெறிநோயா என்று அவருக்குச் சந்தேகம்.

ஐஸ் பெட்டியில் வந்தது பெருமூளையின் ஒரு துண்டும், மூளைக்குள் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் ஒரு பக்கமும். வெறிநோய் என்றால் ஹிப்போகேம்பஸ் என்று நாங்கள் எல்லோரும் கல்லூரியில் படித்ததுதான். மாட்டில் அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

சோதனை எளிமையானது. மூளைத் துண்டை வெட்டி, வெட்டிய பக்கத்தில் ஸ்லைடை மெல்ல ஒற்றி எடுத்து, உலரவைத்து, உறைநிலைக்கு 20 டிகிரி கீழே வைத்த அசிட்டோனில் ஒரு மணி நேரம் போடுவோம். அப்புறம் வெறிநோய் வைரஸின் நியூக்ளியோபுரோட்டீன் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை விடுவோம். அதன் மேல் ஃப்ளூரசீன் என்ற ஒளிரும் சாயம் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருக்கும். ஈரப் பெட்டியில் 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தபின் நன்றாகக் கழுவுவோம். ஒட்ட இடம் கிடைக்காத ஆன்டிபாடி கழுவலோடு போய்விடும். வைரஸ் புரதம் இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு அங்கேயே நிற்கும். மைக்ராஸ்கோப்பில் நீல ஒளி பாய்ச்சினால் அந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். கூடவே இவான்ஸ் புளூ என்ற சாயமும் சேர்த்திருந்தால் மற்ற திசுவெல்லாம் மங்கிய சிவப்பாகத் தெரியும். வெறிநோயின் பச்சை, பச்சை ஆப்பிளின் நிறம். தூசி போலச் சிதறியும் இருக்கும், உருண்டை உருண்டையாகத் திரண்டும் இருக்கும்.

அந்த மாட்டின் ஸ்லைடில் தெரிந்தது வேறு. அங்கங்கே சில புள்ளிகள், பச்சையில் மஞ்சள் கலந்த மாதிரி. பழக்கமில்லாத கண் 'பாசிட்டிவ்' என்று எழுதிவிடும். வயதான மாட்டின் நரம்பு செல்லில் லிப்போஃபுஸின் என்ற நிறமி சேர்ந்திருக்கும். அது எந்தச் சாயமும் இல்லாமல் தானாகவே மின்னும். இந்தக் குழப்பத்துக்காகத்தான் அதே மூளையிலிருந்து இன்னொரு ஸ்லைடுக்கு, வெறிநோயோடு சம்பந்தமே இல்லாத ஆன்டிபாடியை, அதே சாயத்தோடு விடுவோம். புள்ளிகள் அதிலும் தெரிந்தால் வைரஸ் இல்லை, வேறு ஏதோ. அன்று இரண்டிலும் தெரிந்தன.

சரி, அப்படியானால் நெகட்டிவ் என்று எழுதிவிடலாமா? எழுதவில்லை. மூளைத்தண்டு வராமல் நெகட்டிவ் சொல்வது என் பார்வையில் தவறு. வைரஸ் தண்டுவடம் வழியாக மேலே ஏறி மூளைத்தண்டுக்குத்தான் முதலில் வருகிறது. அங்கும் சில சமயம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். அதனால் மூளைத்தண்டின் முழுக் குறுக்குவெட்டும் சிறுமூளையும் வேண்டும்.

மருத்துவருக்கு போன் செய்தேன். நல்லவேளை, தலையைப் புதைக்காமல் ஐஸில் வைத்திருந்தார். மண்டையை உடைக்கவே வேண்டாம், தலை கழுத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் பெரிய துளை வழியாகவே மூளைத்தண்டை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். கையுறையும் முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். மறுநாள் வந்த மூளைத்தண்டின் ஸ்லைடு, புலம் புலமாகப் பச்சை. சம்பந்தமில்லாத ஆன்டிபாடி போட்ட ஸ்லைடில் ஒன்றுமில்லை. பாசிட்டிவ்.

மாதிரி அனுப்புகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஃபார்மலினில் போடாதீர்கள், அது புரதங்களைப் பிணைத்துவிடுவதால் இந்த முறையில் ஆன்டிபாடிக்குப் பிடிப்பு கிடைக்காது. அழுகவும் விடாதீர்கள். அழுகிய மூளையில் வைரஸ் புரதம் சிதைந்து போகும், பாக்டீரியாவும் கண்ணைக் குழப்பும். அப்படிப்பட்ட மாதிரியில் தெளிவான பாசிட்டிவ் வந்தால் நம்பலாம், நெகட்டிவ் வந்தால் அதற்கு மதிப்பில்லை. எங்கள் அறிக்கையில் 'சோதனைக்குத் தகுதியற்றது' என்றுதான் எழுதுவோம். அதைப் படித்துவிட்டு "அப்ப ஒண்ணும் இல்லையே" என்று கேட்டவர்களும் உண்டு!

முடிவைச் சொல்லக் கூப்பிட்டபோது மருத்துவரும் மாட்டுக்காரரும் ஏற்கெனவே தடுப்பூசி போடத் தொடங்கியிருந்தார்கள். முடிவுக்காகக் காத்திருக்காதது சரியான செயல். "வாய்க்குள்ள கை விட்டப்ப, மாட்டோட நாக்கைப் பிடிச்சது யாரு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. மாட்டுக்காரரின் மகன், பதினாறு வயது. விரலில் அறுவாள் கீறல் ஆறாமல் இருந்ததாம். அன்று மாலையே அவனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், தடுப்பூசியோடு கீறலைச் சுற்றி, வைரஸை எதிர்க்கும் தயார்நிலை ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள்.