கையெழுத்துக்குக் கீழே இருக்கும் நாலு வரி

அஃபிடவிட் எழுதும்போது எல்லோருடைய கவனமும் நடுவில் இருக்கும் விவரங்களில்தான். அது ஏற்கப்படாமல் திரும்பி வருவதோ பல நேரங்களில் கடைசிப் பக்கத்தால். சத்தியம் பெறும் அதிகாரம் உள்ளவர், உதாரணமாகக் காவல் அதிகாரி, கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் எனப்படுவார். கையெழுத்துக்குக் கீழே அவர் எழுதும் சான்றுரையை ஜுராட் என்கிறோம். தென்னாப்பிரிக்காவில் அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை 1963ஆம் ஆண்டின் 16ஆம் எண் சட்டத்தின் கீழ் 1972இல் வந்த விதிகள் சொல்கின்றன. பிரமாணம் செய்பவர் உள்ளடக்கத்தை அறிந்து புரிந்துகொண்டதாக ஒப்புக்கொண்டாரா, எந்த முறையில் பிரமாணம் செய்தார், எந்த ஊரில், எந்தத் தேதியில் என்பவை அதில் வர வேண்டும். அதன்கீழ் கமிஷனர் கையெழுத்திட்டு, தன் முழுப்பெயர், அலுவலக முகவரி, பதவி, அதிகாரம் செல்லும் பகுதி ஆகியவற்றையும் தர வேண்டும்.

இந்த வரிகள் எல்லாம் ஒரே ஒரு தருணத்தைப் பற்றியவை: பிரமாணம் செய்பவர் கமிஷனர் முன்னால் நின்று சத்தியம் செய்து கையெழுத்திட்ட அந்தச் சில நிமிடங்கள். சரிபார்க்கும்போது அந்த ஒரு தருணத்தைத்தான் எல்லா வரிகளும் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஒரு பாட்டி, காலமான கணவரின் சொத்து விவகாரத்துக்காக அஃபிடவிட் தருகிறார். அடையாள அட்டையில் அவர் கோகிலாம்பாள் கோவெண்டர். வங்கிக் கணக்கில் கோகி கோவெண்டர். தட்டச்சு செய்தவர் முதல் வரியில் அடையாள அட்டைப் பெயரையும், கையெழுத்துக் கோட்டின் கீழே கே. பிள்ளை என்று பிறந்த வீட்டுப் பெயரையும் போட்டுவிட்டார். 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை வீட்டிலேயே பாட்டி கையெழுத்திட்டார். திங்கட்கிழமை 17ஆம் தேதி பேரன் தாளை மட்டும் டர்பன் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய் முத்திரை வாங்கி வந்தான்.

முதலில் தேதி. அச்சில் 14, முத்திரையில் 17. இதைப் பேனாவால் திருத்திச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் தவறு எண்ணில் இல்லை. கமிஷனர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும் என்கிறது விதி. பாட்டி அங்கே போகவே இல்லை. சில குறைகள் இருந்தாலும் விதிகள் சாராம்சத்தில் பின்பற்றப்பட்டிருந்தால் நீதிமன்றம் ஏற்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நேரில் வந்ததாகப் பொய்ச்சான்று எழுதுவது அந்தச் சலுகைக்குள் வராது. புதுப் பிரதி எடுத்து, பாட்டியே போய்க் கையெழுத்திடுவதுதான் வழி. காவல் நிலையத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. தேதியை முன்கூட்டியே அச்சடிக்காமல் வெற்றிடமாக விட்டு, அங்கேயே கையால் நிரப்புங்கள்.

இடமும் அப்படியே. அங்கே எழுத வேண்டியது அவர் குடியிருக்கும் ஊரோ வக்கீல் ஆபீஸ் இருக்கும் ஊரோ அல்ல, சத்தியம் செய்த ஊர். டர்பனில் செய்தால் டர்பன்.

பெயருக்கு வருவோம். நம் குடும்பங்களில் வீட்டுப் பெயர், பதிவேட்டுப் பெயர், கல்யாணத்துக்குப் பின் வந்த பெயர் என்று இரண்டு மூன்று இருக்கும். முதல் பத்தியில் அடையாள அட்டைப் பெயரையும் 13 இலக்க எண்ணையும் எழுதி, கோகி கோவெண்டர் என்றும் அழைக்கப்படுபவர் என்று சேர்த்துவிடுங்கள். கையெழுத்துக் கோட்டின் கீழே அடையாள அட்டைப் பெயர் மட்டும், எழுத்துக்கு எழுத்து அப்படியே. பழைய மாதிரியிலிருந்து எடுத்த ஜுராட்டில் ஆணைக் குறிக்கும் 'he' என்ற ஆங்கிலச் சொல் அப்படியே நின்று, பெண்ணை ஆணாகக் காட்டுவதும் உண்டு. இதை வைத்து எதிர்த்தரப்பு ஆட்சேபித்திருக்கிறது. வெவ்வேறு நீதிபதிகள் வெவ்வேறு விதமாகப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சொல்லுக்காக அந்த வழக்காடல் வேண்டாம்.

'சத்தியம் செய்தார் / உறுதி கூறினார்' என்று இரண்டையும் அச்சடித்திருந்தால் நடக்காததை அடித்துவிட வேண்டும். கடவுள்பேரில் சத்தியம் செய்ய மனமில்லாதவர் உறுதி கூறலாம், மதிப்பு ஒன்றுதான். அடித்த இடத்தில் இருவரும் சுருக்கொப்பமிடட்டும்.

இந்திய மாதிரியைப் பார்த்து எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 'இன்ன பத்திகள் என் அறிவுக்கு உட்பட்டு உண்மை' என்ற சரிபார்ப்புரை கடைசியில் தனியாக, தனி இடம், தேதி, கையெழுத்தோடு வரும். இங்கே அந்த வாசகம் வழக்கமாகத் தொடக்கத்திலேயே வந்துவிடும். இரண்டையும் ஒட்டினால் இரண்டு தேதி, இரண்டு கையெழுத்து என்று முரண்படும் இடங்கள்தான் கூடும்.

பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், தமிழில் யார் படித்துச் சொன்னார் என்பதையும் எழுத வேண்டும். இல்லையெனில் 'புரிந்துகொண்டார்' என்ற வரியையே எதிர்த்தரப்பு கேள்வி கேட்கும். எழுதத் தெரியாதவர் கமிஷனர் முன்னிலையில் அடையாளக் குறி இடலாம்.

கடைசியாக, ஜுராட் மட்டும் தனித்தாளில் விழாமல் பாருங்கள். மேலே உள்ள பத்தியின் இரண்டு வரிகளாவது அதே பக்கத்தில் இருந்தால், அந்தத் தாளை வேறொரு பத்திரத்தோடு கோர்த்துவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.