மேனிஃபெஸ்ட் என்பது வெளிப்பாடு அல்ல

"முகப்புத்திரையில் ஐகான் மாறவில்லை என்றால் வலைச்செயலியின் வெளிப்பாட்டைச் சரிபார்க்கவும்." இந்த வரியைத் தமிழ் வழிகாட்டிகளில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. வலைச்செயலி என்பது முகப்புத்திரையில் சேர்த்து, செயலிபோலத் திறக்கும் வலைத்தளம். போன வாரம் நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வீணாக்கினார். வெளிப்பாடு என்றால் வெளியே தெரியும் தோற்றம் என்றுதானே யாரும் எடுத்துக்கொள்வார்கள்? அவரும் படத்தைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். நிறத்தை மாற்றினார், அளவை மாற்றினார், அதே பெயரில் மறுபடி மறுபடி ஏற்றினார். போனில் பழைய ஐகான் அப்படியே இருந்தது.

அந்த வரியில் வெளிப்பாடு என்று மொழிபெயர்த்திருப்பது மேனிஃபெஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லை. அது லத்தீன் வழி வந்த சொல். கையைக் குறிக்கும் மானுஸ் அதன் வேரில் இருக்கிறது. கைக்கு எட்டியது, கண்கூடானது என்று பொருள் விரிந்தது. பெயரடையாக வந்தால் 'வெளிப்படையான' என்பது சரியே. ஆனால் கணினிக்காரர்கள் எடுத்தது கப்பல்காரர்களின் பெயர்ச்சொல்லை. கப்பலில் என்னென்ன ஏறியிருக்கிறது என்று சுங்கத்தில் காட்டும் சரக்குப் பட்டியலுக்கும் மேனிஃபெஸ்ட் என்றே பெயர்.

வலைச்செயலியில் இருப்பதும் ஒரு பட்டியல்தான். கோப்பைத் திறந்து பார்த்தாலே தெரியும்:

```json
{
  "id": "/",
  "name": "என் குறிப்பேடு",
  "start_url": "/",
  "display": "standalone",
  "icons": [
    { "src": "/icon-v2.png", "sizes": "192x192" }
  ]
}
```

பெயர் இது, தொடங்கும் முகவரி இது, ஐகான் இந்த இடத்தில் இருக்கிறது. இதில் எது 'வெளிப்படுகிறது'? படம்கூட இதற்குள் இல்லை, படத்தின் முகவரிதான் இருக்கிறது. இதை விவரப்பட்டியல் என்று சொன்னால் போதும். சரக்குப்பட்டியல் வேருக்கு நெருக்கம்தான், ஆனால் இங்கே சரக்கு எதுவும் இல்லை. சிலர் 'அறிக்கை' என்கிறார்கள். அது தேர்தல் அறிக்கையோடு வந்த குழப்பம். மேனிஃபெஸ்டோ வேறு, மேனிஃபெஸ்ட் வேறு.

விவரப்பட்டியல் என்று சொல்லியிருந்தால் நண்பருக்குச் சிக்கலும் புரிந்திருக்கும். ஆண்ட்ராய்டில் குரோம், செயலியை நிறுவும்போதே பட்டியலின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்கிறது. செயலியைத் திறக்கும்போது, கடைசியாகச் சரிபார்த்து 24 மணிநேரம் ஆகியிருந்தால்தான் தளத்தில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிடும். மாற்றம் தெரிந்தாலும் உடனே மாற்றாது. செயலியை மூடி, போனைச் சார்ஜில் போட்டு, வைஃபையில் இருக்கும்போதுதான் புதுப்பிக்கும். நண்பர் படத்தின் பெயரையே மாற்றவில்லை, அதனால் பட்டியலில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பழைய படம் தற்காலிகச் சேமிப்பிலிருந்தே வந்திருக்கலாம். `icon.png` என்பதை `icon-v2.png` ஆக்கி, பட்டியலிலும் அப்படியே எழுதச் சொன்னேன். இரவு சார்ஜில் போட்டார், காலையில் புது ஐகான். கடைசியாக எப்போது சரிபார்த்தது என்று பார்க்க குரோமில் `chrome://webapks` என்று தட்டினால் போதும்.

ஐபோனில் கதை வேறு. முகப்புத்திரையில் சேர்த்த நேரத்து ஐகான்தான் நிலைக்கும். நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். பக்கத்தில் `apple-touch-icon` இருந்தால் பட்டியலில் உள்ளதை விட்டுவிட்டு அதையே எடுக்கும்.

அறிவிப்பு வராததற்கும் இதே பட்டியல் காரணமாகலாம். 2023-இல் iOS 16.4 வந்தபின்தான் ஐபோனில் வலைச்செயலிகளுக்கு அறிவிப்பு வசதி கிடைத்தது, அதுவும் முகப்புத்திரையில் சேர்த்தவற்றுக்கு மட்டும். பட்டியலில் `display` வரி `standalone` என்றோ `fullscreen` என்றோ இல்லாவிட்டால், iOS 26-க்கு முன்புவரை அது வெறும் புத்தகக்குறியாகவே சேர்ந்தது. ஐகானைத் தட்டியதும் சஃபாரி முகவரிப் பட்டையோடு திறந்தால் அதுதான் அடையாளம். அங்கே அனுமதி கேட்கவே வழியில்லை. இந்தச் சிக்கலோடு வருபவருக்கு 'வெளிப்பாட்டில் காட்சியைத் தனித்து நிற்க வைக்கவும்' என்று எழுதிய மொழிபெயர்ப்பையும் பார்த்திருக்கிறேன். எழுதியவர் அந்தக் கோப்பை ஒருமுறையாவது திறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதே பக்கத்தில் கீழே மேனிஃபெஸ்ட், இன்னும் கீழே அறிக்கை! மூன்றும் ஒரே கோப்பு என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

நான் இப்படி எழுதுவேன்: "விவரப்பட்டியலில் `display` வரி `standalone` என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் திருத்திவிட்டு, ஐகானை நீக்கி, மறுபடி சேருங்கள். அப்புறம் செயலியில் அறிவிப்புப் பொத்தானைத் தட்டி அனுமதி கொடுங்கள்."