முன்பணமா, எல்.சி.யா: விலை பேசும்போதே கேட்க வேண்டியவை

வங்கியின் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், ஏற்றுமதியாளர்கள் செய்யும் முதல் தவறு எது என்று கேட்டால், விலையை முடித்துவிட்டு அதன் பிறகு பணம் வரும் முறையைப் பேசுவதே என்பேன். அதற்குள் வாங்குபவர் தன் கணக்கைப் போட்டு முடித்திருப்பார். நாம் கேட்கும் எந்த நிபந்தனையும் அவருக்குப் புதிய செலவாகவே தெரியும். ஆகவே விற்பனைக்கு முன் அனுப்பும் உத்தேச விலைப்பட்டியலான ப்ரோஃபார்மா இன்வாய்ஸிலேயே, முன்பணத்துக்கு ஒரு விலையும், உரிய ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் வாக்குறுதியான எல்.சி.க்குச் சற்றுக் கூடுதலான இன்னொரு விலையும் குறிப்பிட்டு, எது வசதி என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வது நல்லது.

முன்பணம் என்றால் முப்பது சதவீதம் என்பது பலருக்கும் பழகிப்போன எண். ஆனால் அந்த எண்ணுக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. வாங்குபவர் கடைசி நேரத்தில் பின்வாங்கினால் நமக்கு எவ்வளவு நட்டம் என்பதே முன்பணத்தின் அளவுகோல். 40,000 டாலர் மதிப்புள்ள சரக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் வாங்குபவரின் பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டிருப்பதால், வேறொருவருக்கு விற்றால் 8,000 டாலர் குறையும் என்று வைப்போம். திருப்பிக் கொண்டுவரும் கப்பல் கூலி 3,500, துறைமுகத் தாமதக் கட்டணம் 2,000 ஆனால், மொத்த நட்டம் 13,500 டாலர். முப்பது சதவீத முன்பணமான 12,000 டாலர் இதை ஈடுகட்டாது. முப்பத்தைந்து சதவீதமான 14,000 டாலர் ஈடுகட்டும். இந்தக் கணக்கோடு பேசினால், கேட்பவருக்கு அது பிடிவாதமாகத் தோன்றாது.

மீதித் தொகையை, கப்பல் நிறுவனம் தரும் சரக்கு உரிமை ஆவணமான பில் ஆஃப் லேடிங்கின் நகலைப் பார்த்து அனுப்புவதாக வாங்குபவர் சொன்னால், கடல்வழிச் சரக்கில் அதை ஓரளவு ஏற்கலாம். 'டு ஆர்டர்' என்று எழுதப்பட்ட மூலப் பிரதிகள் நம் கையில் இருக்கும்வரை அவரால் சரக்கை எடுக்க முடியாது. விமானச் சரக்குக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஏர்வே பில் சரக்கின் உரிமை ஆவணம் அல்ல. அதில் பெறுநராகக் குறிக்கப்பட்டவரிடம், மூலப் பிரதி எதுவும் கேட்காமலேயே சரக்கு ஒப்படைக்கப்படும். இதை அறியாமல் நகலை அனுப்பிவிட்டு மீதிப் பணத்துக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பணம் அனுப்பியதற்கான ரசீதுப் படம் மின்னஞ்சலில் வந்தால் அது பணம் அல்ல. நம் கணக்கில் தொகை சேர்ந்ததை நம் வங்கி உறுதி செய்த பிறகே உற்பத்தியைத் தொடங்க வேண்டும்.

எல்.சி. வந்துவிட்டது என்றவுடன் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, ஆவணங்களை மட்டுமே பார்க்கிறது. எல்.சி.க்கென 2007 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள யூசிபி 600 என்ற சர்வதேச விதிகளின்படி ஆவணங்களைச் சோதிக்க வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி நாட்கள் உண்டு; முரண்பாடு இருந்தால் பணம் தர மறுக்கலாம். அப்போது முரண்பாட்டைப் பொறுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது பெரும்பாலும் வாங்குபவரின் விருப்பமாகிவிடுகிறது. விலைக்குறைப்புக் கேட்கும் தருணமும் அதுதான்.

என்னிடம் வந்த ஓர் எல்.சி.யில், வாங்குபவரின் பிரதிநிதி கையொப்பமிட்ட ஆய்வுச் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. ஏற்றுமதியாளர் அதைச் சாதாரண வரியாக எண்ணிச் சரக்கைத் தயாரித்துவிட்டார். இடையில் சந்தை விலை சரிந்தது. பிரதிநிதி இன்று வருகிறார், நாளை வருகிறார் என்று நாட்கள் ஓட, கப்பலேற்றத்துக்கான கடைசித் தேதி கடந்துவிட்டது. பெயருக்கு அது திரும்பப் பெற முடியாத எல்.சி.தான், ஆனால் பணம் கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் சாவி வாங்குபவரின் சட்டைப்பையிலேயே இருந்தது. கடைசியில் அவர் கேட்ட குறைந்த விலைக்கே சரக்கு போனது.

அதனால் எல்.சி. திறப்பதற்கு முன்பே அதன் வரைவை அனுப்பும்படி வாங்குபவரிடம் கேட்பது வழக்கமாக வேண்டும். ஆய்வுச் சான்றிதழ் அவசியம் என்றால் இருவருக்கும் பொதுவான ஆய்வு நிறுவனம் தரட்டும். கப்பலேற்றத்துக்குப் பின் ஆவணங்களைச் சமர்ப்பிக்க எத்தனை நாள் என்றும் பாருங்கள்: எல்.சி.யில் எதுவும் சொல்லப்படாவிட்டால் இருபத்தொரு நாள், அதுவும் எல்.சி. காலாவதியாவதற்குள். வாங்குபவரின் வங்கி நமக்கு அறிமுகமில்லாதது என்றால், நம் பக்கத்து வங்கி ஒன்று தானும் பணம் தருவதாக உறுதிமொழி சேர்க்க வேண்டும் என்றும், அதன் கட்டணம் யாருடையது என்றும் வரைவிலேயே எழுதச் சொல்லுங்கள். எல்.சி. திறந்த பிறகு ஒரு சொல்லை மாற்றக்கூட, திறந்த வங்கியும், உறுதி சேர்த்த வங்கி இருந்தால் அதுவும், நாமும் சம்மதித்தாக வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு.