பெயர் டிரஸ்டிக்கு, பலன் பயனாளிக்கு

டிரஸ்ட் என்றதும் பலருக்கும் தர்ம காரியம் செய்யும் அறக்கட்டளைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு வீட்டுக்குள்ளேயே டிரஸ்ட் இருக்கலாம். ஒருவர் தன் சொத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்றி, "இதை இவளுக்காக வைத்திரு" என்று எழுதிவைத்தால் அதுவே டிரஸ்ட். வைத்திருப்பவர் டிரஸ்டி, யாருக்காகவோ அவர் பயனாளி.

பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு அப்பா ஒரு வீட்டை விட்டுச் செல்கிறார். அவளுக்கு 21 வயது ஆகும்வரை சித்தப்பா டிரஸ்டி. பத்திரம் சித்தப்பா பெயரில்தான் இருக்கும். குடியிருப்பவரோடு ஒப்பந்தம் போடுவதும், வரி கட்டுவதும், தேவைப்பட்டால் வழக்குப் போடுவதும் அவர்தான். ஊர் கண்ணுக்கு அவரே வீட்டுக்காரர். ஆனால் வரும் வாடகை முழுவதும் சிறுமிக்கு. வீட்டுப் பராமரிப்பு போக மீதியை அவளுக்காகவே செலவழிக்க வேண்டும் அல்லது சேர்த்துவைக்க வேண்டும். கணக்கு கேட்டால் காட்டியாக வேண்டும்.

சித்தப்பா கடனாளி ஆகும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அவருடைய சொந்தச் சொத்துகளைக் கடன்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம், இந்த வீட்டைத் தொட முடியாது. அவர் இறந்தாலும் அவருடைய பிள்ளைகளுக்கு இதில் பங்கு கிடையாது. அதே சமயம், அவர் ஏமாற்றி வீட்டை விற்றுவிட்டால்? விஷயம் தெரிந்தே வாங்கியவரிடமிருந்து அவள் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். எதுவும் தெரியாமல், உரிய விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடம் பொதுவாகக் கேட்க முடியாது. அப்போது அவள் துரத்த வேண்டியது விற்ற பணத்தையும் சித்தப்பாவையும்தான்.

நடைமுறையில் சிக்கல் பெரும்பாலும் வாடகைப் பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் போடுவதில் தொடங்குகிறது. கணக்கில் அவளுடையது ஆறு பங்கு, அவருடையது நாலு பங்கு என்று வைப்போம். அவர் ஐந்து பங்கை எடுத்துச் செலவழித்துவிட்டார். முதலில் தன் பணத்தைத்தான் செலவழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் மீதி ஐந்தும் அவளுடையது, குறைகிற ஒன்றை அவர் கையிலிருந்து போட வேண்டும். இந்தத் தலைவலி வராமல் இருக்க, டிரஸ்டுக்குத் தனிக் கணக்கு முதல் நாளே வேண்டும்.

சரி, பயனாளிக்கு நஷ்டமே இல்லாமல் டிரஸ்டி லாபம் பார்த்தால்? 1726-ல் இங்கிலாந்தில் கீச் எதிர் சாண்ட்ஃபோர்டு வழக்கில் இந்தக் கேள்வி வந்தது. ரோம்ஃபோர்டு சந்தையின் குத்தகையை ஒரு டிரஸ்டி ஒரு குழந்தைக்காக வைத்திருந்தார். குழந்தைக்குப் புதுப்பித்துத் தர மாட்டேன் என்று உரிமையாளர் மறுத்ததும், டிரஸ்டி அதைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டார். குழந்தைக்கு எப்படியும் கிடைத்திருக்காது, அவர் மோசடி செய்ததாகவும் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனாலும் குத்தகையையும் அதில் வந்த லாபத்தையும் குழந்தைக்கே கொடுக்கச் சொன்னார் நீதிபதி கிங் பிரபு. உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் அந்தக் குத்தகையை எடுக்கலாம், டிரஸ்டி மட்டும் எடுக்கக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம்.