பட்டம் பேசாத இடத்தில் README பேசட்டும்

தரவுப் பகுப்பாய்வு வேலைக்கு விண்ணப்பிக்கும் புதியவர்களின் கிட்ஹப் பக்கங்களில் டைட்டானிக் பயணிகள் பட்டியல் அடிக்கடி இருக்கும். விடையெல்லாம் ஏற்கெனவே ஊருக்கே தெரிந்த பயிற்சித் தரவு அது. அதில் விண்ணப்பித்தவர் தானாக என்ன முடிவெடுத்தார் என்பது தெரிவதில்லை. பெயர்பெற்ற கல்லூரியோ நிறுவனமோ பின்னால் இல்லாதவருக்கு அந்த முடிவுகள்தான் சான்று.

ஆகவே சிக்கலுள்ள அசல் தரவு ஒன்றை எடுங்கள். சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர் இருப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. "2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கிலும் சேர்த்து இருப்பு, மற்ற ஆண்டுகளின் ஜூனைவிட எவ்வளவு குறைவு?" இந்த ஒரு கேள்வி போதும்.

வேலையைத் தொடங்கியதுமே தேதி தகராறு செய்யும். ஏப்ரல் 3ஐக் குறிக்கும் 03-04-2019 என்பதைப் பாண்டாஸ் நூலகம் இயல்பாக மார்ச் 4 என்று படிக்கும். 2.0க்கு முந்தைய பதிப்புகள் 13ஆம் தேதி முதல் மட்டும் சரியாகப் படித்துவிடும். வரைபடத்தில் காரணமில்லாத ஏற்ற இறக்கங்கள் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். தீர்வு:

```python
df["Date"] = pd.to_datetime(df["Date"], format="%d-%m-%Y")
```

அடுத்தது, இருப்பைக் கொள்ளளவின் சதவீதமாகச் சொல்வது. நான்கு ஏரிகளின் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. 2020இல் கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 500 மில்லியன் கன அடியுடன் சேர்ந்தது. பழைய ஆண்டுகளையும் 11,757ஆல் வகுத்தால், 5,600 இருந்த நாள் 49.7க்குப் பதில் 47.6 சதவீதம் என்று வரும். தண்ணீர் அதேதான், கணக்குதான் தவறு.

README.md கோப்பில் எழுத வேண்டியது இதைத்தான். முதலில் கேள்வி, உடனே விடை, ஒரு வரைபடம். பிறகு தரவை எங்கே, எந்த நாளில் எடுத்தீர்கள், தேதியையும் கொள்ளளவையும் ஏன் இப்படிக் கையாண்டீர்கள், எதை இந்தத் தரவால் சொல்ல முடியாது என்பவை. பயன்படுத்திய நூலகங்களின் பட்டியலுக்குக் கடைசி வரி போதும்.

யாராவது பிழை காட்டினால் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றாதீர்கள். எது தவறு, விடை எவ்வளவு மாறியது என்று கமிட் குறிப்பில் எழுதித் திருத்துங்கள். அந்த வரலாற்றை, வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாங்கள் உண்மையிலேயே திறந்து பார்ப்போம். ஒரே நாளில் ஒரே கமிட்டாக மொத்தமும் ஏறியிருந்தால் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

அனுப்பும் முன் வேறொரு கணினியில் இறக்கி ஓட்டிப் பாருங்கள். கோப்பு முகவரி C:\Users என்று தொடங்கினால் உங்கள் கணினியைத் தவிர எங்கும் ஓடாது.

ஒரு வரம்பும் உண்டு. பட்டத்தை வைத்தே வடிகட்டும் விண்ணப்பத் தளங்களை இது தாண்டாது. அந்த இடங்களில் குழுவில் வேலை செய்பவருக்கே நேரடியாக எழுதுங்கள்: கண்டறிந்ததை ஒரு வரியில், கீழே இணைப்பு, அவர் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி.