உங்கள் ஆபரேட்டரைத் தொடாமலே வரும் எஸ்எம்எஸ்

மொபைல் நெட்வொர்க்கின் ரேடியோ பகுதியில் வேலை பார்ப்பவன் நான். பாதுகாப்பு வகுப்பு எடுக்கப் போகும் இடங்களில் தவறாமல் வரும் கேள்வி: "எஸ்எம்எஸ் மேலே பேங்க் பெயர் சரியாக இருந்தால் நம்பலாம்தானே?" நம்பக் கூடாது என்று சொன்னால் காரணம் கேட்பார்கள். அந்தக் காரணம் 2024 நவம்பரில் பாங்காக்கில் பிடிபட்ட ஒரு வேனில் இருக்கிறது.

அந்த வேனுக்குள் இருந்தது ஒரு போலி டவர். சுமார் 3 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள போன்களுக்கு மணிக்கு ஒரு லட்சம் எஸ்எம்எஸ் வரை அனுப்பக்கூடியது என்றும், மூன்றே நாளில் ஏறத்தாழ பத்து லட்சம் எஸ்எம்எஸ் போயின என்றும் பத்திரிகைகள் எழுதின. 'உங்கள் ரிவார்டு பாயின்ட் காலாவதியாகப் போகிறது' என்று உள்ளூர் மொபைல் நிறுவனத்தின் பெயரில் வந்த செய்தி அது. லிங்க்கைத் தொட்டால் கார்டு விவரம் கேட்கும் போலிப் பக்கம்.

எஸ்எம்எஸ் அனுப்ப நம் போன் எண் அவர்களுக்குத் தேவையே இல்லை. போன் எப்போதும் சுற்றியுள்ள டவர்களின் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பலமாகக் கேட்கும் டவருக்கு மாறிக்கொள்ளும். போலி டவர் நம் ஆபரேட்டரின் நெட்வொர்க் எண்ணைச் சொல்லிக்கொண்டு, பக்கத்திலிருந்தே பலமாகக் கத்துகிறது. போன் அதனிடம் 4ஜியில் போய் "நான் வந்திருக்கிறேன்" என்று பதிய முயல்கிறது. உண்மையான 4ஜி டவர் என்றால், சிம்முக்குள் உள்ள ரகசிய சாவியை வைத்துத் தன்னை நிரூபித்தாக வேண்டும். போலியால் அது முடியாது. ஆனால் அந்தச் சோதனைக்கு முன்பே "இங்கே இடமில்லை, 2ஜிக்குப் போ" என்று அது சொல்லிவிடலாம். அந்தக் கட்டத்தில் வரும் உத்தரவு உண்மையானதா என்று போன் சரிபார்ப்பதில்லை. 4ஜியின் வடிவமைப்பிலேயே உள்ள ஓட்டை இது.

2ஜியில் டவர்தான் போனைச் சோதிக்கும். போன் டவரைச் சோதிக்காது. குறியாக்கம் வேண்டாம் என்று டவர் சொன்னாலும் போன் தலையாட்டும். அனுப்புநர் இடத்தில் எந்தப் பெயரையும் போடலாம். வந்த செய்தி, உங்கள் வங்கியின் பழைய ஓடிபிகள் இருக்கும் அதே வரிசையில் போய் உட்காரும். சில நொடிகளில் போலி டவர் போனை விட்டுவிடும். போன் பழையபடி 4ஜிக்குத் திரும்பிவிடும்.

இந்தியாவில் வணிக எஸ்எம்எஸ் அனுப்ப ஹெடர் எனப்படும் அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் முன்பே பதிய வேண்டும். பதியாததை ஆபரேட்டர் தடுப்பார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போலி டவரின் செய்தி ஆபரேட்டர் பக்கமே போவதில்லை என்பதால், அந்த வடிகட்டிக்கு வேலையே இல்லை.

கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவுக்கு. வழக்கமாக 4ஜி, 5ஜி கிடைக்கும் கடைத்தெருவில் திடீரென 2ஜியின் அடையாளமான E அல்லது G என்று காட்டி, சிக்னல் கோடுகள் நிறைய இருந்தும் இணையம் நின்று, அந்த நேரத்தில் ஒரு எஸ்எம்எஸ் வந்தால் சந்தேகப்படுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் அதே செய்தி வந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆனால் லிப்டிலும் நெடுஞ்சாலையிலும் போன் சும்மாவே 2ஜிக்கு இறங்கும். அதனால் E தெரிந்ததுமே பதற வேண்டாம். போன் பாக்கெட்டில் இருந்தால் அந்தச் சில நொடிகளைப் பார்க்கவும் மாட்டீர்கள். ஆகவே நான் அதிகம் நம்புவது செட்டிங்கைத்தான்.

ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில், சிம் செட்டிங்கில் Allow 2G என்ற சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்தால் "2ஜிக்குப் போ" என்ற உத்தரவுக்குப் போன் பணியாது. இரண்டு சிம் இருந்தால் இரண்டிலும் அணைக்க வேண்டும். பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். ஐபோனில் இதற்கெனத் தனி சுவிட்ச் இல்லை. iOS 17 முதல் Lockdown Mode போட்டால் 2ஜி அணையும், ஆனால் அது வேறு பல வசதிகளையும் முடக்கும்.

அணைக்கும் முன், 4ஜியிலேயே பேச வைக்கும் VoLTE ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அழைப்புகள் 2ஜியை நம்பித்தான் போகும். அணைத்த பிறகு உங்களுக்கு யாரும் பேச முடியாது. 2ஜி மட்டுமே கிடைக்கும் ஊருக்குப் போனால் மறுபடி ஆன் செய்யத்தான் வேண்டும். அணைத்தாலும் அவசர அழைப்புக்குப் போன் 2ஜியைப் பயன்படுத்திக்கொள்ளும். இந்த சுவிட்ச் எல்லாவற்றையும் தடுக்காது: போலி 4ஜி டவர் உங்கள் சிம்மின் அடையாள எண்ணைக் கேட்டு வாங்கும் வழி அப்போதும் திறந்தே இருக்கும். பட்டன் போன் வைத்திருக்கும் பெற்றோருக்கு இந்த சுவிட்சே கிடையாது. அவர்களிடம், செய்தியில் உள்ள எண்ணுக்குப் பேசாமல் ஏடிஎம் கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள்.

அப்படி ஒரு செய்தி வந்தால் அழித்துவிடாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் புகார் கொடுங்கள்; பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். உங்கள் ஆபரேட்டரிடமும் சொல்லுங்கள். அவர்களுடைய எஸ்எம்எஸ் பதிவேட்டில் அந்த நேரத்தில் உங்களுக்கு எந்தச் செய்தியும் வந்ததாக இருக்காது. உங்கள் போனில் இருக்கும், ஆனால் பதிவேட்டில் இல்லாத அந்தச் செய்திதான் வேனைத் தேடக் கிடைக்கும் முதல் தடயம்.